எக்கியார்குப்பத்துச் சாராயமும் நியூயார்க் ஆய்வகமும்

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் பல உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது, தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம். இத்தகைய சாவுகளின் காரணத்தைப் பரபரப்பின்றி அறிய விரும்பும் வாசகர், டெபோரா ப்ளம் 2010-இல் வெளியிட்ட 'தி பாய்சனர்ஸ் ஹேண்ட்புக்' நூலிலிருந்து தொடங்கலாம். நியூயார்க்கின் மருத்துவ ஆய்வாளர் நாரிஸும் நச்சியலாளர் கெட்லரும் மதுவிலக்குக் காலத்தில் சந்தித்த இதே நஞ்சை அது விரிவாக ஆராய்கிறது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற, பல மணி நேரம் வெறும் போதையாகத் தோன்றியவருக்குப் பின்னரே பார்வை மங்கி மூச்சு திணறுகிறது. கண்ணுக்கும் நாக்குக்கும் குடிக்கும் சாராயத்திலிருந்து அது வேறுபடாததால், உறுப்புகளை அரைத்து, ஆவியில் வடித்து, வடிநீரைச் சோதிக்கும் பொறுமையான வேலையே உண்மையை வெளிக்கொணர்கிறது. கொலையாளியின் மனத்தை ஊகிக்கும் நூல்களில் அந்த வேலைக்கு இடமே இருப்பதில்லை.