வாளையிலை எண்டொரு இலை இல்லை

சிறுவர்களுக்கான நாப்பிறழ் ஷோர்ட்ஸ் எல்லாம் அநேகமாக ஒரே அச்சுத்தான். ஒரு வசனத்தை முதலில் ஆறுதலாகச் சொல்லுவினம், பிறகு வேகமாக. திரையில் எழுத்து பெரிதாக ஓடும். இந்த வடிவத்தில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் 'தெளிவான உச்சரிப்புக்கு' எண்டு போடுகிற வீடியோவில், வேகச் சுற்றுத்தான் உச்சரிப்பைக் கெடுக்கிறது எண்டு நினைக்கிறம்.

நாங்களே ஒரு வசனம் கட்டிப் பார்ப்பம்: 'வாளை வாங்கிய கிழவி வாழையிலையில் வாலை வைத்தாள்.' வாளை மீன், வாழை மரம், வால். மூன்றையும் பிரிக்கிறது நடுவில் வருகிற ஒரு ஒலிதான். 'ல' சொல்ல நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் முரசைத் தொடும். 'ள' சொல்ல நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கும் அதே வளைவுதான், ஆனால் நுனி எங்கேயும் முட்டாமல் நிற்கவேணும்.

வேகம் கூடினால் முட்டாமல் நிற்க நாக்குக்கு அவகாசம் இல்லை. வாழையிலை 'வாளையிலை' ஆகிவிடும். கிழவியும் 'கிளவி' ஆவாள். எங்கட வீட்டுப் பேச்சிலும் மழை 'மளை'தான், பழம் 'பளம்'தான். அது எங்கட வழக்கு, பிழையில்லை. பிரச்சினை வேறு. திரையில் 'ழ' ஓடுது, காதில் 'ள' விழுது, கடைசியில் கைதட்டும் கேட்குது. இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலிதான் எண்டு பிள்ளை முடிவெடுத்தால், அது எழுதுகிற கொப்பியிலும் வரும்.

அதனால் செய்யக்கூடியது என்ன? ஆறுதல் சுற்றை உண்மையிலேயே ஆறுதலாகச் சொல்லிப் பதியவேணும். வேகமாகச் சொன்னதை எடிட்டிங்கில் இழுத்தால், முட்டின நாக்கு முட்டினபடியேதான் கேட்கும். வசனம் முழுவதையும் ஒரேயடியாகத் திரையில் கொட்டாமல், சொல்லுகிற சொல்லை மட்டும் காட்டி, 'ல', 'ள', 'ழ' மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுக்கலாம். ஆறுதலுக்கும் வேகத்துக்கும் இடையில் சாதாரணமாகப் பேசுகிற வேகத்தில் ஒரு சுற்றும் வேணும். அங்கே தடக்குகிற பிள்ளைக்கு அடுத்த சுற்று தேவையில்லை. 'ழ' தனியச் சொல்லவே வராத பிள்ளைக்கு இந்த வசனமே இன்னும் தேவையில்லை. முதலில் அந்த ஒலி, பிறகு 'வாழை' எண்ட ஒரு சொல், அதுக்குப் பிறகுதான் வசனம்.

எவ்வளவு வேகம் போகலாம்? பள்ளிக்கூடத்துச் சொல்வதெழுதல்தான் அளவுகோல். வசனத்தை முன்பின் கேட்டிராத ஒருவர் திரையைப் பார்க்காமல், வேகச் சுற்றை மட்டும் கேட்டு எழுதட்டும். கொப்பியில் 'வாழையிலை' எண்டு வந்தால் அந்த வேகம் சரி. 'வாளையிலை' எண்டு வந்தால் வீடியோவைப் போடமுதல் திரும்பவும் பதியுங்கோ.