"பேட்டரி போகுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பார்சல் அனுப்பும் நம்ம வீடுகளில் வழக்கமான கேள்வி இது: "இதுல பேட்டரி இருக்கே, எண்ணெய் இருக்கே, பிளேன்ல போகுமா?" கூரியர்க்காரர் "ரெண்டுமே எடுக்க மாட்டோம்" என்பார். இல்லாவிட்டால் "துணின்னு எழுதிடுங்க சார்" என்பார். இரண்டுமே பதில் இல்லை என்பது என் கட்சி.

ஒரு பெட்டியில் லேப்டாப், பவர் பேங்க், தேங்காய் எண்ணெய், சென்ட் பாட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

லேப்டாப்பில் இருப்பது கருவிக்குள் பொருத்திய லித்தியம் பேட்டரி. அதற்கு யுஎன் 3481 என்று எண். 100 வாட்-அவருக்குள், பழுதில்லாமல், ஒன்றிரண்டு மட்டும் என்றால் ஆபத்துச் சரக்குப் பத்திரம் இல்லாமலே போகலாம்.

பவர் பேங்க் கதையே வேறு. அது தனி பேட்டரி, எண் 3480. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74 வாட்-அவர். கைப்பையில் நாமே கொண்டு போகலாம். ஆனால் 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்றத் தடை. சரக்கு விமானத்தில் அனுப்பவும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அனுப்புபவர் கையெழுத்திட்ட ஆபத்துச் சரக்குப் பத்திரமும் வேண்டும். வீட்டுப் பார்சலுக்கு இது கட்டுப்படியாகாது, வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

திரவத்தில் பார்ப்பது தீப்பற்றும் வெப்பநிலையை. அது 60 டிகிரிக்குள் இருந்தால் ஆபத்துச் சரக்கு. சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் மாட்டும். தேங்காய் எண்ணெய் மாட்டாது. அதை மறுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் ஒழுகிவிடுமோ என்ற பயம்தான்.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. என் பொருளை எந்த யுஎன் எண்ணில் வைக்கிறீர்கள்? போவது பயணிகள் விமானமா, சரக்கு விமானமா? வேண்டியது எம்எஸ்டிஎஸ் தாளா, "ஆபத்தில்லாத பொருள்" என்ற உறுதிமொழியா, முழுப் பத்திரமா? விதி அனுமதித்தாலும் கம்பெனி மறுக்கலாம் என்பதால், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"துணின்னு எழுதினா என்ன?" என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்தது, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். சரக்கில் நிறைய லித்தியம் பேட்டரிகள் இருந்தன. ஆபத்துச் சரக்கு என்று அறிவிக்க வேண்டிய பேட்டரிகள் அறிவிக்கப்படாமலே ஏறியிருந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள். தீ வந்தால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விமானிக்கு அந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை. அதில் "துணி" என்று எழுதி நாம் கையெழுத்துப் போடக்கூடாது.