பூட்டுவது யார்?

கடவுச்சொல்லை மூன்று முறை தவறாக இட்டால் கணக்கு முடக்கப்படும் என்பது பல இணையதளங்களின் பாதுகாப்பு விதி. அந்த மூன்று தவறுகளை எவரும் செய்யலாம் என்பதே அதன் ஓட்டை.

ஏலத் தளமான இபே, ஒரு காலத்தில் அதிக விலை கேட்டவரின் பயனர் பெயரை அனைவருக்கும் காட்டியது. ஏலம் முடியும் தறுவாயில் அப்பெயரில் மூன்று முறை தவறாக நுழைய முயன்று, பின் சற்றே கூடுதல் விலை கேட்டால் போதும். கணக்கு முடங்கியவரால் போட்டியிட முடியாது.

கணக்குக்குப் பதிலாக இணைய முகவரியைத் தடுத்தால்? தாக்குபவர் ஆயிரக்கணக்கான பிறர் கணினிகளைக் கைப்பற்றி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓரிரு முறையே முயல்வார். தடை அவரைத் தீண்டாது. கைப்பேசி நிறுவனங்களோ ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அவர்களில் ஒருவர் வேண்டுமென்றே தவறிழைத்தால் மற்றவர்களும் வெளியே நிற்க நேரிடும்.

இரண்டிலும் குற்றத்தின் செலவை ஏற்பவர் மூன்றாமவர். பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது. செலவு முயல்பவர் மீதே விழ வேண்டும் என்பது என் கருத்து. உரியவர் முன்பு வெற்றிகரமாக நுழைந்த கருவிக்குத் தனிக் கணக்கு வைத்து வழிவிடலாம். அறிமுகமற்ற கருவிகளுக்கு ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்கலாம். அப்போது அயலார் செய்யும் தவறு உரியவரின் கதவைப் பூட்டாது.