எண்ணிக்கை சரி, எல்லை சரியா?

கணினி வலையமைப்புத் தாளில் மாணவர்கள் அஞ்சுகின்ற வினா ஒன்று உண்டென்றால் அது சப்நெட் கணக்குதான். அதைத் திருத்தும் ஆசிரியரும் சற்று அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. கட்டுரை வினாவில் இரண்டொரு மதிப்பெண் கூடலாம், குறையலாம். இக்கணக்கிலோ, திருத்தும் முறை ஒன்றினாலேயே தேறியவன் தவறவும், தவற வேண்டியவன் முழு மதிப்பெண் பெறவும் இடமுண்டு. எப்படி என்பதை ஒரு வினாவைக் கொண்டே காண்போம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். 192.168.10.0/24 என்னும் முகவரித் தொகுதி அதற்குத் தரப்பட்டுள்ளது. தையல் பிரிவுக்கு 60 கணினிகள், வெட்டுப் பிரிவுக்கு 30, அலுவலகத்துக்கு 12. தொகுதியைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் எல்லையையும் எழுதுக, மதிப்பெண் பத்து.

நம் பக்கத்தில் தோட்டத்தைப் பாகம் பிரிப்பது போன்றதே இது. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாகங்களின் அளவு 16, 32, 64 என இரட்டித்துக்கொண்டேதான் போகும். ஒவ்வொரு பாகத்திலும் முதல் முகவரி வலையின் பெயருக்கும், கடைசி முகவரி எல்லோருக்குமான பொது அறிவிப்புக்கும் போய்விடும். ஆகவே 64 கொண்ட பாகத்தில் 62 கணினிகளும், 32இல் 30உம், 16இல் 14உம் அமரலாம். விடைக்குறிப்பு இவ்வாறு இருக்கும்: தையலுக்கு 0 முதல் 63 வரை (/26), வெட்டுக்கு 64 முதல் 95 வரை (/27), அலுவலகத்துக்கு 96 முதல் 111 வரை (/28).

நான் மதிப்பெண்ணைப் பங்கிடும் முறை இது. ஒவ்வொரு பிரிவுக்கும் அளவுக்கு ஒன்று, தொடக்கத்துக்கு ஒன்று, எல்லைக்கு ஒன்று என ஒன்பது. தேவை நிறைவேறியதா, ஒன்றோடொன்று மோதாதிருக்கிறதா என்பதற்கு மீதி ஒன்று.

இனி ஒரு மாணவரின் விடையைப் பாருங்கள். அவர் 60 கணினிகளுக்கு /27 போதும் என்று முதலடியிலேயே தவறிவிட்டார். தையலுக்கு 0 முதல் 31 வரை, வெட்டுக்கு 32 முதல் 63 வரை, அலுவலகத்துக்கு 64 முதல் 79 வரை என்று எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால் தையலின் தொடக்கமும், மற்ற இரு பிரிவுகளின் அளவும் மட்டுமே பொருந்தும். கிடைப்பது மூன்று மதிப்பெண். ஆனால் அவர் செய்த பிழை எத்தனை? ஒன்றே ஒன்று. தையலின் அளவில் ஒரு மதிப்பெண் போகும். தேவை நிறைவேறாததால் கடைசி மதிப்பெண்ணும் போகும். அதன்பின் அவர் வைத்த ஒவ்வோர் எல்லையும், அவர் தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால், பழுதற்றது. அவருக்குரியது எட்டு. ஒரு பிழைக்கு ஒருமுறைதான் தண்டனை. அதன் நிழலுக்கெல்லாம் தண்டனை கூடாது.

இன்னொரு மாணவர் சிறியதிலிருந்து தொடங்குகிறார். அலுவலகத்துக்கு 0 முதல் 15 வரை /28. அடுத்து வெட்டுப் பிரிவுக்கு 16 முதல் 47 வரை /27. அடுத்துத் தையலுக்கு 48 முதல் 111 வரை /26. எண்ணிப் பாருங்கள்: 16, 32, 64. அளவுகள் சரி, இடைவெளியில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவுமில்லை. கணினிகளின் எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கும் ஆசிரியர் பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்.

உண்மையில் இவ்விடை நிற்காது. 32 முகவரிகள் கொண்ட பாகம் 0, 32, 64, 96 என்று 32இன் மடங்கில்தான் தொடங்க முடியும். 16இல் தொடங்கும் /27 என்று ஒரு பாகமே கிடையாது. 192.168.10.17/27 என்று ரவுட்டரில் கொடுத்தால், அது தன்னை 0 முதல் 31 வரையுள்ள பாகத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளும். அப்பாகமோ அலுவலகத்தின் 0 முதல் 15 வரையையும் விழுங்கிவிடுகிறது. சிஸ்கோ ரவுட்டரில் அலுவலகத்தின் முகவரியை ஒரு முனையில் வைத்துவிட்டு இதை மறுமுனையில் இட முயன்றால், முன்னதோடு மோதுகிறது என்று சொல்லி ஏற்க மறுத்துவிடும். 48இல் தொடங்கும் /26க்கும் இதே கதிதான். 48 என்பது 64இன் மடங்கன்று. ஆக, மூன்று அளவுகளுக்கு மூன்றும், அலுவலகத்தின் தொடக்கத்துக்கும் எல்லைக்கும் இரண்டுமாக ஐந்துதான் நியாயம். தொடக்க எண் பாகத்தின் அளவால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் செலவிடாமல் திருத்துவது திருத்தமாகாது.

மூன்றாவது வகை, விடைக்குறிப்பைவிட ஒருபடி மேலே சிந்தித்தவர். வெட்டுப் பிரிவின் 30 கணினிகளோடு ரவுட்டரின் முனைக்கும் ஒரு முகவரி வேண்டுமே, அப்படியானால் 31 ஆயிற்றே, /27இல் 30தானே அமரும் என்று கேட்டு, அப்பிரிவுக்கு 64 முதல் 127 வரை /26 கொடுத்துவிட்டு, அலுவலகத்தை 128இல் தொடங்குகிறார். குறிப்போடு பொருந்தாது, ஆனால் நடைமுறையில் சரியான விடை அதுதான். காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தர நான் தயங்குவதில்லை.

பழைய நூல்களைப் படித்த சிலர் 0இல் தொடங்கும் முதல் பாகத்தை விட்டுவிட்டு, தையலை 64இல் தொடங்குவர். இதுவும் கற்பனையன்று. 1985இல் வெளியான ஆர்.எஃப்.சி. 950 என்னும் ஆவணம் முதல் பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் ஒதுக்கி வைக்கச் சொன்னது. 1995இல் வந்த ஆர்.எஃப்.சி. 1878 அவ்வழக்கம் காலாவதியாகிவிட்டது என்று கூறியது. நூலகத்தில் இரு காலத்து நூல்களும் அருகருகே இருக்கையில், எந்த நூல் கைக்குக் கிடைத்தது என்பதற்காக மாணவரைத் தண்டிப்பது முறையாகாது. அவருடைய பாகங்கள் உரிய மடங்கில் தொடங்கி, மோதாமல் இருந்தால் போதும்.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். அவசரத்தில் எழுதிய 6 பூஜ்யம் போலவும், 1 ஏழு போலவும் தெரிவது இயல்பு. /26 என்பது /20 போலத் தெரிந்தால் உடனே சிவப்பு மையால் அடித்துவிட வேண்டியதில்லை. பக்கத்தில் 255.255.255.192 என்றிருந்தால் அது 26தான். மாஸ்க், தொடக்கம், முடிவு மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால் மூன்றாவதை அவற்றைக் கொண்டே படிக்கலாம். மூன்றும் மூன்று பேச்சுப் பேசினால், அப்போது கையெழுத்தைப் பழிக்க வேண்டாம், கணக்கே பிழை.

இவ்வாறு திருத்தினால் நேரம் அதிகமாகும், கட்டுக் கட்டாகத் தாள்கள் குவிந்திருக்கும்போது இயலுமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் சுமையில் பாதியை வினா அமைப்பவரே குறைக்கலாம். "ரவுட்டர் முனையையும் சேர்த்து", "0இல் தொடங்கும் பாகத்தையும் பயன்படுத்துக", "பெரிய பிரிவிலிருந்து தொடங்குக" என்று மூன்று குறிப்புகள் வினாவிலேயே இருந்தால், சரியான விடைகள் பலவாகப் பிரிவது நின்றுவிடும். விடைக்குறிப்பில் இறுதி எண்களோடு மதிப்பெண் பங்கீட்டையும் அச்சிட்டுவிட்டால், கை மாறினாலும் மதிப்பெண் மாறாது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 60க்கு ஏன் 64, அடுத்தது ஏன் அந்த எண்ணில் தொடங்குகிறது என்று வரிக்கு ஒரு காரணம் எழுதுங்கள். காரணமில்லாத தவறான எண்ணைக் கொண்டு, பிழை ஒன்றா ஐந்தா என்று எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்றுக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பலவேளைகளில் அந்த ஒரு வரிதான்.