ஒரு சொட்டு எண்ணெய்

செரண்டா பக்கத்துத் தோட்டங்களில் குளிர்காய்ச்சல் என்றாலே பெரியவர்களுக்கு மலேரியாதான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் பழகிய புதிதில், சாயமேற்றிய இரத்தப் பூச்சை 40 மடங்கு லென்சில் பார்த்தேன். கண்வில்லை 10 மடங்கு, மொத்தம் 400. சிவப்பணுவுக்குள் ஒரு ஊதாப் புள்ளி. கிருமியா, சாயத் தூசியா?

வெறுமனே பெரிதாக்கினால் மங்கலும் சேர்ந்தே பெரிதாகும். அருகருகே உள்ள நுணுக்கங்கள் பிரிந்து தெரிய, சாய்வாக வரும் ஒளியும் லென்சுக்குள் நுழையவேண்டும். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது அது வெளிப்புறமாக விலகிவிடுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.515; கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதுவே. ஒரு சொட்டு விட்டு, 100 மடங்கு லென்சை அதில் தோய்த்தேன். ஒளி விலகாமல் உள்ளே போனது. நீல மோதிரம், ஓரத்தில் சிவப்புக் கல்: மலேரியாதான்.

எண்ணெய் விட்டபின் 40-க்குத் திருப்பாதீர்கள். அந்த லென்சில் ஒட்டினால், துடைக்கும்வரை எல்லாமே மங்கல்தான்.