பில்லில் இருக்கும் 64 எழுத்துக்கள்

அரியலூர் சிமெண்டு ஆலைகளில் இருந்து லாரிகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு லாரியோடும் ஒரு பில் போகிறது. பெரம்பலூர்க் கடைக்காரர் மூட்டைகளை எண்ணுகிறார். விலையைப் பார்க்கிறார். தொகையைக் கூட்டிச் சரி பார்க்கிறார்.

ஆனால் அந்தப் பில்லில் அவர் பார்க்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, `a`, `7`, `f`, `3` என்று அர்த்தம் இல்லாமல் ஓடும் 64 எழுத்து வரி. மற்றொன்று, பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கட்டம்.

"ஏதோ கம்ப்யூட்டர் கிறுக்கல்" என்று அவர் நினைக்கிறார்.

கிறுக்கல் அல்ல! இரண்டும் சரக்கைப் பற்றிய விவரங்களில் இருந்து பிறந்தவை. ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை. அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்குத்தான்.

நான்கே விவரங்கள்

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசின் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் உள்ளவர்களோடு தொடங்கிய இந்த ஏற்பாடு, 2023 ஆகஸ்டு முதல் 5 கோடி அளவுக்கு இறங்கி வந்தது. அப்படிப் பதியும்போது கிடைக்கும் பதிவு எண்தான் அந்த 64 எழுத்து வரி.

அது எப்படிப் பிறக்கிறது? விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதி ஆண்டு, பில்லின் வகை, பில் எண் ஆகிய நான்கையும் சேர்த்து, எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கு முறையில் போட்டு அரைக்கிறார்கள். வெளியே வருவது 64 எழுத்துக்கள். 0 முதல் 9 வரை எண்கள், `a` முதல் `f` வரை எழுத்துக்கள். வேறு எதுவும் வராது.

அரைத்த மாவில் இருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோல இந்த வரியைப் பார்த்து பில் எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி கிடையாது. ஆனால் அதே நான்கு விவரங்களைப் போட்டால் எங்கே அரைத்தாலும் அதே 64 எழுத்துக்கள்தான் வரும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் முழு வரியும் மாறிவிடும். `abc` என்பதையும் `ABC` என்பதையும் அரைத்தால் கிடைக்கும் வரிகளின் தொடக்கம் இதோ:

```
abc  ->  ba7816bf...
ABC  ->  b5d4045c...
```

சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசத்துக்கே இவ்வளவு மாற்றம்! இதனால் ஒரே பில் எண்ணைச் சின்ன எழுத்தில் ஒரு முறையும் பெரிய எழுத்தில் ஒரு முறையும் பதிந்து, இரண்டு பதிவு எண்கள் பெற இடம் இருந்தது. 2025 ஜூன் முதல், பில் எண்ணில் உள்ள எழுத்துக்களைப் பெரிய எழுத்தாக்கிய பிறகே பதிவு எண் உண்டாக்கப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நான்கு விவரங்களில் தொகை இல்லை. மூட்டைக் கணக்கும் இல்லை.

கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

தொகை புள்ளிக் கட்டத்துக்குள் இருக்கிறது. செல்போனில் உள்ள சாதாரணக் கட்டம் படிக்கும் கருவியைக் காட்டினால், `eyJ` என்று தொடங்கும் நீண்ட எழுத்துச் சரம் வரும். நடுவே இரண்டு புள்ளிகள் அதை மூன்று துண்டுகளாகப் பிரிக்கும்.

இதன் எழுத்து முறைக்கு பேஸ் 64 என்று பெயர். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள் 10, குறிகள் 2, ஆக 64. கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துக்கு 8 இலக்கம். மூன்று எழுத்துக்கு 24. அதை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் அந்த 64-ல் ஓர் எழுத்து. அரியலூரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி இப்படி மாற்றினால் வருவது இது:

```
Ari   yal   ur
QXJp  eWFs  dXI=
```

கடைசித் துண்டில் இரண்டே எழுத்து இருப்பதால், குறையை நிரப்ப `=` போடப்பட்டிருக்கிறது. பில் கட்டத்தில் அந்தக் குறியை விட்டுவிடுவார்கள்.

இதற்குச் சாவி தேவையில்லை. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் யாரும் படிக்கலாம். பில்லின் சரத்தில் நடுத் துண்டைப் பிரித்தால், விற்பவர் எண், வாங்குபவர் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை, பொருள்களின் எண்ணிக்கை, பதிவு எண் எல்லாம் தெரியும். ஆகவே இது ரகசியம் என்று நினைத்து பில் படத்தைக் கண்ட குழுக்களில் போடுவது தவறு. யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது அதில் திறந்தே கிடக்கிறது.

மூன்றாவது துண்டுதான் பதிவுத் தளத்தின் மின் கையெழுத்து. முன் துண்டுகளில் ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து பொருந்தாது.

ஏமாறுவது எப்படி?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிமெண்டு விலை 1,00,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு வரி 18 சதவீதம். ஆக பில் 1,18,000 ரூபாய். இடையில் ஒருவர் அந்தப் பில்லைக் கம்ப்யூட்டரில் திருத்தி, விலை 2,00,000, வரி 36,000, மொத்தம் 2,36,000 என்று அச்சடித்துக் கொடுக்கிறார்.

64 எழுத்து வரி மாறுமா? மாறாது. நான்கு விவரங்களும் அப்படியே இருக்கின்றன. அந்த வரியை மட்டும் ஒத்துப் பார்க்கிறவர் பணத்தைக் கொடுத்துவிடுவார். பிறகு வரிக் கணக்கில் அவருக்கு வரவாகக் கிடைப்பது 18,000 ரூபாய்தான்.

கட்டத்தைச் சரிபார்த்திருந்தால் `TotInvVal` என்ற இடத்தில் 118000 என்று தெரிந்திருக்கும். மோசடி அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கட்டத்தையும் புதிதாகச் செய்து ஒட்டினால்? சாதாரணக் கருவி அதையும் படித்துக் காட்டும். அதனால் கையெழுத்தையும் சோதிக்கும் அரசின் சரிபார்ப்புச் செயலியில்தான் காட்ட வேண்டும். போலிக்கு அங்கே இடம் இல்லை.

செயலிக்கும் ஓர் எல்லை உண்டு. பில் போட்டவர் பதிவை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்தான பில்லின் காகிதத்தில் கட்டம் அப்படியே இருக்கும், கையெழுத்தும் பொருந்தும். எனவே பில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தளத்திலும், மாதந்தோறும் வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு உண்மையில் வந்ததா என்பதை எந்தக் கட்டமும் சொல்லாது. அதற்கு மூட்டையைத்தான் எண்ண வேண்டும்.

யார் சொல்லித் தருவது?

பதிய வேண்டிய பில்லைப் பதியாமல் கொடுத்தால், அது பில்லே அல்ல என்கிறது சட்டம். வாங்கியவரின் வரி வரவும் அதனால் ஆட்டம் காணும். இவ்வளவு பொறுப்பைக் கடைக்காரர் தலையில் வைத்தவர்கள், இந்த இரண்டு அடையாளங்களும் என்ன சொல்கின்றன என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

"தொகையைக் கட்டத்தில் சரிபார்க்கவும், பதிவு எண்ணில் தொகை இல்லை" என்று பில்லின் அடியில் தமிழில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகும்? வணிகர் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை, மூட்டையை எண்ணுகிற கை செல்போனையும் எடுக்கட்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே எடுக்கட்டும்!