செக் திரும்பிய பின் ஓடும் மூன்று கெடுக்கள்

செக் பவுன்ஸ் வழக்கு என்றதும் பலரும் 30, 15, 30 என்று கூட்டி, 75 நாள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138, 142-ஆம் பிரிவுகள் அப்படி மொத்தக் கெடு எதையும் தரவில்லை. ஒரு கெடு முடிந்த இடத்திலிருந்தோ, இன்னொருவர் கைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தோதான் அடுத்தது ஓடத் தொடங்குகிறது.

ஓர் உதாரணம். பணமில்லை என்ற வங்கியின் ரிட்டர்ன் மெமோ மார்ச் 3 அன்று கைக்கு வருகிறது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால், நோட்டீஸ் அனுப்ப ஏப்ரல் 2 வரை நேரம் உண்டு. நீங்கள் மார்ச் 20-லேயே அனுப்பிவிடுகிறீர்கள். எதிராளிக்கு 24-ஆம் தேதி கிடைக்கிறது. பணம் கட்ட அவருக்குரிய 15 நாள், நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த நாளைக் கழித்துத்தான் எண்ணப்படும். அது ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிகிறது. 9-ஆம் தேதி வழக்கு மூலம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே மாதம் என்பது 30 நாள் அல்ல, காலண்டர் மாதம். தொடக்க நாளைக் கழிக்க வேண்டும் என்று 1999-இல் சாகேத் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், கடைசி நாள் மே 9.

அவசரப்படுகிறவர்கள் தடுக்கிவிழுவது இடைப்பட்ட 15 நாளில்தான். அது முடியுமுன் தந்த புகார் சட்டப்படி புகாரே அல்ல என்று 2014-இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் தீர்ப்பானது. 15 நாள் பிறகு கடந்துபோனாலும் அந்தப் புகார் உயிர்பெறாது. புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்தச் சங்கிலியில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசிக் கண்ணியில் தாமதித்தவருக்கு, தக்க காரணம் காட்டினால் மன்னிப்பு உண்டு. 2002 திருத்தம் அதற்கு வழி செய்தது. முதல் கண்ணியான நோட்டீஸில் ஒரு நாள் தவறினாலும் மன்னிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. காசோலை இன்னும் செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, திரும்பிவந்தால் புதிதாக எண்ணத் தொடங்கலாம். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கின் 2012 தீர்ப்பு அதை ஏற்றுக்கொண்டது. காசோலை காலாவதியாகியிருந்தால் சிவில் வழக்குதான் மிச்சம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு வியாபாரி பெரும்பாலும் சறுக்குவது இந்த முதல் கண்ணியில்தான். மன்னிப்பை அங்கேயும் நீட்டிப்பதே நியாயம்.

அதுவரை, மெமோ வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நோட்டீஸ் கிடைத்ததற்கான அஞ்சல் அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். 15 நாளை அதிலிருந்துதான் எண்ண வேண்டும், நீங்கள் அனுப்பிய ரசீதிலிருந்து அல்ல.